நள்ளிரவு மிஸ்டு கால்: திருப்பி அழைப்பதில் நேரும் தவறுகள்

பெரியபட்டினத்தில் எங்கள் தெருவில் வசிக்கும் மாமி ஒருவரின் மகன் குவைத்தில் வேலை செய்கிறார். ஒரு நாள் இரவு 2.10 மணிக்கு மாமியின் போன் ஒரே ஒரு முறை ஒலித்து நின்றுவிட்டது. நம் ஊரில் அதிகாலை 2.10 என்றால் குவைத்தில் முந்தைய இரவு 11.40 மணி, வேலை முடிந்து அறைக்கு வந்த பிள்ளை அழைக்கக்கூடிய நேரம்தான். மகனின் எண்ணாக இருந்தால் திரையில் பெயர் வந்திருக்கும். வராததால், கூட இருப்பவரின் போனிலிருந்து அழைக்கிறான், ஏதோ அவசரம் என்று மாமி நினைத்துக்கொண்டார். விளக்கைக்கூடப் போடாமல் அந்த எண்ணை அழுத்தி மூன்று முறை அழைத்தார். மறுமுனையில் மணி அடித்துக்கொண்டே இருந்ததே தவிர யாரும் பேசவில்லை. காலையில் மகன் வாட்ஸ்அப்பில் வந்து, "நான் கூப்பிடவே இல்லையேம்மா" என்றார். ஒரு மணி மட்டும் அடித்து நிறுத்தி, நம்மைத் திருப்பி அழைக்க வைத்துப் பணம் பறிக்கும் மோசடி அது.

"96ன்னுதான் தம்பி ஆரம்பிச்சிச்சு, குவைத்துன்னு நெனச்சிட்டேன்" என்று மாமி என்னிடம் போனைக் காட்டினார். அதில் இருந்தது +960. அது மாலத்தீவின் குறியீடு. குவைத்துக்கு உரியது +965. கீழக்கரையிலும் தொண்டியிலும் பெரியபட்டினத்திலும் வளைகுடாவுக்குப் பிள்ளைகளை அனுப்பாத தெருவே இல்லை என்பதால், 96, 97 என்று தொடங்கும் எண் நமக்கு அந்நியமாகத் தெரிவதில்லை. ஆனால் முதல் இரண்டு இலக்கங்களில் எதுவும் தெளிவாகாது. மூன்றாவது இலக்கம்தான் நாட்டைச் சொல்லும். +966 சவூதி, +967 ஏமன், +968 ஓமன். +974 கத்தார் என்றால், அடுத்துள்ள +975 பூட்டான், +976 மங்கோலியா.

இதைவிட எளிதில் ஏமாற்றும் தோற்றம் இன்னொன்று உண்டு. மாலத்தீவு எண்ணில் நாட்டுக் குறியீட்டுக்குப் பின் ஏழு இலக்கங்கள்தான் வரும். மூன்றும் ஏழும் சேர்ந்து பத்தாகிவிடுவதால், முன்னால் உள்ள கூட்டல் குறியைக் கவனிக்காவிட்டால், 96 என்று தொடங்கும் நம் ஊர் மொபைல் எண்ணுக்கும் அதற்கும் வேறுபாடு தெரியாது. பட்டியலில் உள்ள எண்ணைத் தொட்டு அழைக்கும்போது கூட்டல் குறியும் சேர்ந்தே செல்லும் என்பதால், நாம் கவனிக்காவிட்டாலும் போன் அதை வெளிநாட்டு அழைப்பாகவே அனுப்பும். இந்திய எண்ணுக்கு முன்னால் கூட்டல் குறி இருந்தால், அடுத்து வருவது 91 ஆகத்தான் இருக்க வேண்டும்.

மாமி செய்த இரண்டாவது தவறு, மணி அடிக்கிறது என்று நம்பிக் காத்திருந்தது. மறுமுனையில் போன் அடித்துக்கொண்டிருக்கிறது என்றால் அழைப்பு இன்னும் இணையவில்லை, பணமும் போகாது என்றுதான் நாம் எல்லோரும் எண்ணியிருக்கிறோம். இந்த மோசடியில் அழைப்பு உடனே எடுக்கப்பட்டுவிடும். அதன்பின் நம் காதில் விழும் மணியோசை ஒலிப்பதிவு. சில எண்களில் அதற்குப் பதிலாகப் பாட்டோ, "காத்திருங்கள்" என்ற பொருளில் ஒரு குரலோ கேட்கும். உண்மையைத் திரையில்தான் பார்க்க முடியும்: பொதுவாக, அழைப்பு இணைந்த பிறகே 00:01, 00:02 என்று நேரம் ஓடத் தொடங்கும். மணி அடிக்கும்போதே நேரமும் ஓடினால், அந்தக் கணமே துண்டித்துவிட வேண்டும். போனைக் காதில் வைத்திருப்பவருக்கு இது தெரியாது என்பதுதான் வேதனை. மாமியின் போனில் மூன்று அழைப்புகளும் முறையே 4, 3, 2 நிமிடங்கள் என்று பதிவாகியிருந்தன.

நிமிடத்துக்கு 60 ரூபாய் கட்டணம் என்று வைத்துக்கொண்டால், ஒன்பது நிமிடத்துக்கு 540 ரூபாயும், 18 சதவீத ஜி.எஸ்.டி. 97 ரூபாய் 20 காசும் சேர்ந்து, யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமலேயே 637 ரூபாய் 20 காசு செலவாகும். வெளிநாட்டு அழைப்பு ஒன்றை அங்கே சேர்ப்பிக்கும் நிறுவனத்துக்கு நம் நிறுவனம் நிமிடக் கணக்கில் பணம் தர வேண்டும். அந்த வருமானத்தில் ஒரு பங்கு, அந்த எண் வரிசையைக் கையில் வைத்திருப்பவருக்குப் போகிறது. எடுக்கப்படாத அழைப்புக்குக் கட்டணம் இல்லை என்பதால், அவர் கணினி மூலம் ஆயிரக்கணக்கான எண்களுக்கு ஒரு மணி மட்டும் அடித்துவிட்டு நிறுத்துவார். ஒரு மணியோடு துண்டிப்பது என்ற பொருளில் ஜப்பானியர் இதற்கு 'வாங்கிரி' என்று பெயர் வைத்தார்கள். உலகம் முழுவதும் தொலைத்தொடர்புத் துறையில் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

மிஸ்டு கால் வந்தாலே பணம் போய்விடும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். அது தேவையில்லை; இந்தியாவில் இருக்கும்போது வரும் அழைப்புக்குக் கட்டணம் கிடையாது. (தனுஷ்கோடிப் பக்கமும் கடலிலும் போன் இலங்கைக் கோபுரத்தைப் பிடிக்கும் நேரத்தில், சர்வதேச ரோமிங் திறந்திருந்தால் மட்டும் வரும் அழைப்புக்கும் பணம் பிடிக்கப்படலாம்.) பிரீபெய்டில் மெயின் பேலன்ஸ் இல்லாவிட்டால், அன்லிமிடெட் பேக் போட்டிருந்தாலும் பொதுவாக வெளிநாட்டுக்கு அழைப்பே போகாது. ஆபத்து போஸ்ட்பெய்டில்தான் அதிகம், ஏனெனில் மாதக் கடைசியில் பில் வரும்வரை ஒன்றும் தெரியாது. மாமியுடையது போஸ்ட்பெய்டு. முன்பு மகனிடம் நேரடியாகப் பேசுவதற்காகத் திறந்த ஐ.எஸ்.டி. வசதி, பேச்சு வாட்ஸ்அப்புக்கும் ஐமோவுக்கும் மாறிய பிறகும் மூடப்படாமலே கிடந்தது. இந்தத் தவறு நம் கடற்கரையில் ஏராளமான வீடுகளில் இன்றும் இருக்கிறது. வாடிக்கையாளர் சேவையை அழைத்து, வெளியே செல்லும் ஐ.எஸ்.டி.யை மட்டும் நிறுத்தச் சொன்னால் போதும். வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்புகள் வழக்கம்போல் வரும். வாட்ஸ்அப் பேச்சும் தடைபடாது.

அந்த எண்ணை பிளாக் செய்தாயிற்று, இனிக் கவலை இல்லை என்று இருப்பதும் சரியல்ல. அடுத்த அழைப்பு வேறு எண்ணிலிருந்து வரும். மாமி பயத்தில் கால் பட்டியலையே அழிக்கப் பார்த்தார். நல்லவேளையாக நான் தடுத்தேன். எண், நேரம், நிமிடம் மூன்றும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு, 198க்கு அழைத்து நம் போன் நிறுவனத்திடம் புகார் செய்து, புகார் எண்ணைக் குறித்துவைக்க வேண்டும். அழைப்பு நம் போனிலிருந்தே போயிருப்பதால் பணம் திரும்பக் கிடைப்பது கடினம் என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆயினும் கேட்காமல் விடக்கூடாது. பதில் திருப்தியில்லை என்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அமைப்பை நாடலாம். சந்தேக அழைப்பு பற்றி sancharsaathi.gov.in தளத்தில் உள்ள சக்ஷு பகுதியிலும் தெரிவிக்கலாம்.

பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பகுதி மீனவர் வீடுகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இலங்கைக் கடற்படை படகைப் பிடித்துவிட்டது என்ற செய்தி வந்த நாளில், +94 என்று ஒரு மிஸ்டு கால் வந்தால் அழைக்காமல் இரு என்று யாரும் சொல்ல முடியாது. முதலில் கூட்டல் குறியைப் பாருங்கள்: 94 என்று தொடங்கும் பத்து இலக்க எண்ணுக்கு முன்னால் அது இல்லையென்றால், அது நம் நாட்டு மொபைலாகவே இருக்கலாம். இலங்கை மொபைல் எண் +94 7 என்று தொடங்கி, 94க்குப் பின் ஒன்பது இலக்கங்கள் கொண்டிருக்கும். அப்படி இருந்தால் அந்த எண்ணைச் சேமித்து, வாட்ஸ்அப்பில் இருக்கிறதா என்று பார்த்து, "யார் பேசுறீங்க? நான் இன்னாருடைய வீட்டுக்காரி" என்று எழுதி அனுப்புங்கள், விசைப்படகு சங்கத்தாரிடமும் எண்ணைக் காட்டுங்கள். பதில் வராமல் மனம் கேட்கவில்லை என்றால், ஸ்பீக்கரில் போட்டு, போனை முகத்துக்கு நேரே பிடித்து ஒரே ஒரு முறை அழையுங்கள். நேரம் ஓடத் தொடங்கியும் மனிதக் குரல் கேட்கவில்லையென்றால், ஐந்து எண்ணுவதற்குள் துண்டித்துவிடுங்கள்.