யுரேனஸ், நெப்டியூன், புளூட்டோ: இருவர் ஜாதகத்தை ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மேற்கத்திய ஜோதிடர்கள் இருவரின் ஜாதகங்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்க்கையில், ஒருவரின் யுரேனஸ் மற்றவரின் சுக்கிரனையோ சந்திரனையோ தொட்டால் திடீர் ஈர்ப்பும் திடீர் விலகலும், நெப்டியூன் தொட்டால் மயக்கமும், புளூட்டோ தொட்டால் விடாப்பிடியான தீவிரமும் உண்டாகும் என்பார்கள். இப்பொருள்கள் பண்டைய நூல்களிலிருந்து வந்தவை அல்ல. 1781இல் கண்டறியப்பட்ட யுரேனஸுக்கு அக்காலப் புரட்சிகளிலிருந்தும், 1846இல் கண்டறியப்பட்ட நெப்டியூனுக்கு அதே ஆண்டில் பாஸ்டனில் ஈதர் மயக்க மருந்து அறுவை சிகிச்சையில் காட்டப்பட்டது போன்றவற்றிலிருந்தும், 1930இல் கண்டறியப்பட்ட புளூட்டோவுக்குப் பாதாள தேவனின் பெயரிலிருந்தும் ஜோதிடர்கள் குணம் வகுத்தார்கள். இவற்றை அறிவியல் உறுதிசெய்யவில்லை. இருப்பினும், இம்முறையைப் பின்பற்றுகிறவர் அதன் விதிகளையாவது பிழையின்றிப் பின்பற்ற வேண்டும்.

பலரும் செய்யும் பெரிய தவறு, ஒரு தலைமுறைக்கே பொதுவானதை இருவருக்கிடையே மட்டும் உள்ள பந்தமாகக் கொள்வதாகும். சூரியனைச் சுற்றிவர யுரேனஸுக்கு 84 ஆண்டுகளும், நெப்டியூனுக்கு ஏறத்தாழ 165 ஆண்டுகளும், புளூட்டோவுக்கு ஏறத்தாழ 248 ஆண்டுகளும் ஆகின்றன. ஆகவே சம வயதினர் இருவரின் நெப்டியூன்கள் சேர்ந்திருப்பது அவர்கள் ஒரே காலத்தில் பிறந்தவர்கள் என்பதற்கு மேல் எதையும் சொல்லாது.

இதே தவறு மறைந்திருக்கும் இடமும் உண்டு. 1993இல் யுரேனஸும் நெப்டியூனும், வசந்த சம இரவுப் புள்ளியிலிருந்து ராசிகளை எண்ணும் மேற்கத்திய முறையான சாயன முறையில், மகரத்தின் 20 பாகையை ஒட்டியே இருந்தன. அவ்வாண்டு ஆகஸ்ட் 18ஆம் தேதி பிறந்த பெண்ணுக்குச் சுக்கிரன் கடகத்தில் அவற்றுக்கு நேர் எதிரே நிற்கிறது. நவம்பரில் பிறந்த காதலருடன் ஒப்பிட்டால், அவருடைய யுரேனஸும் நெப்டியூனும் அவளது சுக்கிரனை எதிர்ப்பதாகத் தெரியும். "இவர்தான் என் மனத்தைக் குலைப்பவர்" என்று அவள் முடிவுகட்டக்கூடும். ஆனால் அந்த எதிர்ப்பு அவளது சொந்த ஜாதகத்திலேயே இருக்கிறது. அவள் வகுப்புத் தோழர்களில் எவருடன் ஒப்பிட்டாலும் அதுவே மீண்டும் வரும். 1985இல் பிறந்தவருடன் ஒப்பிட்டால் அது மறைந்துவிடும், ஏனெனில் அப்போது நெப்டியூன் மகரத்தின் தொடக்கத்திலும் யுரேனஸ் தனுசிலும் இருந்தன. எனவே ஒரு தொடர்பைக் கண்டதும், அது தம் ஜாதகத்திலேயே உள்ளதா என்று முதலில் பார்க்க வேண்டும். வயது வித்தியாசம் மிகுந்த இணையரிடம் காணும் நெருக்கமான தொடர்புக்கே, என் கணிப்பில், கூடுதல் கவனம் தகும்.

லக்னத்தைப் புளூட்டோ தொடுகிறது என்பவர்கள் பிறந்த நேரத்தைச் சரிபார்ப்பதில்லை. லக்னம் சராசரியாக நான்கு நிமிடத்துக்கு ஒரு பாகை நகர்வதால், வீட்டார் நினைவிலிருந்து சொன்ன நேரம் அரைமணி பிசகினாலே அத்தொடர்பு இல்லாமற்போகும்.

நம்மவரிடம் மட்டும் காணப்படும் பிழை இன்னொன்று உண்டு. ஒருவரின் கட்டத்தை, நட்சத்திரங்களை அடிப்படையாகக் கொண்டு ராசிகளை எண்ணும் நம் நிரயன முறையிலும் மற்றவரின் கட்டத்தைச் சாயன முறையிலும் கணித்து ஒப்பிடுவோர் இருக்கிறார்கள். இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 24 பாகை வேறுபாடு இருப்பதால், இல்லாத சேர்க்கை தோன்றும், இருப்பது மறையும். இரு ஜாதகங்களையும் ஒரே முறையில் கணித்தால், எம்முறையாயினும், அவற்றுக்கிடையிலான கோணம் கிட்டத்தட்ட மாறாது.