விபிஎஃப்: மாதம் எவ்வளவு போடலாம்?

சிறுசேரியில் வேலை பார்க்கும் தங்கை கேட்டாள்: "பிஎஃப்ல கூடுதலா போடலாமாண்ணா?" தாராளமாகப் போடலாம், ஓர் எல்லை வரை. இப்படி நாமாக விரும்பிக் கூடுதலாகப் போடுவதுதான் விபிஎஃப். 2024-25க்கு வட்டி 8.25 சதவீதம், சந்தை சரிந்தாலும் அசல் குறையாது.

அவளுடைய அடிப்படைச் சம்பளம் 60,000. கட்டாயப் பிடித்தம் 12 சதவீதம், அதாவது 7,200, வருடத்துக்கு 86,400. உங்கள் பங்கு வருடம் இரண்டரை லட்சத்தைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கான வட்டிக்கு வரி உண்டு. ஆக, அவள் மாதம் 13,600 வரை சேர்க்கலாம். அதற்கு மேல் போட்டால், 30 சதவீத வரி வரம்பில் இருப்பவருக்கு 8.25 என்பது 5.7 ஆகச் சுருங்கிவிடும்.

நிறுவனம் இந்தக் கூடுதல் தொகைக்கு ஈடாக எதுவும் போடாது. ஐந்து வருட சர்வீஸ் முடியுமுன் எடுத்தால் பொதுவாக வரி விழும். அவசரத்துக்கான பணத்தைத் தனியே வங்கியில் வையுங்கள். சம்பளம் உயர்ந்தால் கணக்கை மறுபடி போடுங்கள். என் தங்கை மறந்துவிட்டாள்!