ஒரு ஸ்லைடு சிவப்பு, ஒரு ஸ்லைடு பச்சை: செலவுக் கணக்கை மேனேஜருக்குப் புரியும்படி சொல்வது எப்படி?

மாதக் கூட்டத்துக்கான பிரசென்டேஷனில் செலவைப் பற்றி இரண்டு ஸ்லைடுகள். முதலாவதில் "பட்ஜெட்டைவிட 18.2% கூடுதல்" என்று சிவப்பில் இருக்கிறது. அடுத்ததில் "ஒரு ஆர்டருக்கான செலவு பட்ஜெட்டைவிட 1.5% குறைவு" என்று பச்சையில் இருக்கிறது. மேனேஜர் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, "செலவு கூடியிருக்கா, குறைஞ்சிருக்கா? ஏதாவது ஒண்ணைச் சொல்லுங்க" என்கிறார்.

முதல்முறை இந்தக் கேள்வியில் மாட்டிக்கொண்டபோது, வேரியன்ஸ், ஃபிக்ஸட் காஸ்ட் என்று நான் ஐந்து நிமிடம் பேசினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தவர், "சரி, இப்ப நான் கவலைப்படணுமா வேண்டாமா?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. ஸ்லைடில் இருந்த எண்களை நானே பிரித்துப் பார்க்காமல்தான் கூட்டத்துக்குப் போயிருந்தேன்.

எப்படிப் பிரிப்பது என்பதை ஒரே ஒரு கணக்கை வைத்துப் பார்ப்போம். ஆர்டர் வந்ததும் பொருளைப் பெட்டியில் கட்டி, கூரியரில் அனுப்பும் ஒரு பிரிவு. மாதம் 10,000 ஆர்டர் வரும் என்று பட்ஜெட் போட்டிருந்தார்கள். வந்தது 12,000. ஸ்லைடில் இருக்கும் அட்டவணை இது:

| செலவு | பட்ஜெட் | ஆன செலவு | வித்தியாசம் |
|---|---|---|---|
| பேக்கிங் சாமான் | 200 | 264 | 64 |
| கூரியர் | 500 | 588 | 88 |
| சம்பளம் | 180 | 210 | 30 |
| வாடகை | 120 | 120 | 0 |
| மொத்தம் | 1,000 | 1,182 | 182 |

முதல் படி: மூலையில் இருக்கும் சின்ன எழுத்தைப் படியுங்கள்

ஸ்லைடின் மேல் மூலையிலோ அடியிலோ "எண்கள் ஆயிரத்தில்" என்று பொடி எழுத்தில் இருக்கும். அதாவது 182 என்றால் 1,82,000. கணக்குப் பிரிவில் இருப்பவர்களுக்கு இது பழகிப்போனது. மற்றவர்கள் அதைக் கவனிக்காமல் "வெறும் 182தானே" என்று நினைத்துவிடலாம். வாயைத் திறந்ததும் முதலில் இதைச் சொல்லிவிடுங்கள்.

அடைப்புக்குறியையும் கவனியுங்கள். சில டெக்கில் (182) என்று போட்டிருந்தால் பட்ஜெட்டைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம்; சிலவற்றில் மிச்சம் என்று அர்த்தம். தயாரித்தவரிடம் கேட்காமல் ஊகிக்க வேண்டாம். கேட்க ஆள் கிடைக்காவிட்டால், உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு வரியை எடுத்துக் கழித்துப் பாருங்கள், எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும்.

இரண்டாம் படி: ஆர்டர் கூடினால் எது கூடும், எது கூடாது?

ஒவ்வொரு வரியையும் எடுத்து, "நாளைக்கு ஒரு ஆர்டர் அதிகமாக வந்தால் இந்தச் செலவு ஏறுமா?" என்று கேளுங்கள். பெட்டி ஒன்று கூடுதலாக வேண்டும், கூரியருக்கும் கூடுதலாகக் கட்ட வேண்டும். வாடகை ஏறாது. சம்பளமும் ஓரளவு வரைக்கும் ஏறாது. அதே ஆட்கள்தான் கட்டி அனுப்புவார்கள். கணக்குக்காரர்கள் முதல் வகையை மாறும் செலவு என்றும் இரண்டாவதை நிலையான செலவு என்றும் சொல்வார்கள். மேனேஜரிடம் அந்தப் பெயர்கள் தேவையே இல்லை. "ஆர்டரோடு ஏறுவது, ஏறாதது" என்றால் போதும்.

பட்ஜெட்டில் ஒரு ஆர்டருக்குப் பேக்கிங் 20, கூரியர் 50. இந்த இரண்டு எண்களையும் குறித்துக்கொள்ளுங்கள். இனி வரும் கணக்கு முழுக்க இவற்றை வைத்துத்தான்.

மூன்றாம் படி: பட்ஜெட்டை 12,000 ஆர்டருக்கு மாற்றிப் போடுங்கள்

முக்கியமான வேலை இதுதான். 10,000 ஆர்டருக்குப் போட்ட பட்ஜெட்டையும் 12,000 ஆர்டருக்கு ஆன செலவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஸ்லைடு ஒப்பிடுகிறது. பத்துப் பேருக்குச் சமைக்கத் திட்டமிட்டு, பன்னிரண்டு பேர் சாப்பிட்ட பிறகு அரிசி ஏன் கூடுதலாகச் செலவானது என்று கேட்பது மாதிரி. அதனால் 12,000 ஆர்டர் வரும் என்று முன்பே தெரிந்திருந்தால் என்ன பட்ஜெட் போட்டிருப்போம் என்று பாருங்கள். ஆர்டரோடு ஏறும் வரிகளுக்கு மட்டும், எக்செல்லில் பட்ஜெட் எண் B2இல் இருந்தால்:

```
=B2/10000*12000
```

பேக்கிங் 240 ஆகும், கூரியர் 600 ஆகும். சம்பளம் 180, வாடகை 120 அப்படியே இருக்கட்டும். கூட்டினால் 1,140.

இப்போது 182 இரண்டாக உடைகிறது. 1,000இலிருந்து 1,140 வரைக்குமான 140, ஆர்டர் கூடியதால் வந்தது. அதற்கு யாரும் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை. வேலை அதிகம் வந்தது, செலவும் வந்தது. மீதி 42க்குத்தான் காரணம் தேட வேண்டும். மேனேஜரிடம் "182 கூடிவிட்டது" என்று தொடங்குவதற்குப் பதில் "182இல் 140 கூடுதல் ஆர்டருக்குப் போனது, 42ஐப் பற்றித்தான் பேச வேண்டும்" என்று தொடங்கிப் பாருங்கள்.

உங்கள் டெக்கில் படிக்கட்டு மாதிரி ஏறி இறங்கும் வாட்டர்ஃபால் சார்ட் இருந்தால், அது காட்டுவதும் இதைத்தான். ஒரு எச்சரிக்கை: அந்த சார்ட்டின் இடது அச்சு பல நேரம் 0இல் தொடங்காது, 900இல் தொடங்கும். அப்போது 1,182 என்ற தூண், 1,000 என்ற தூணைவிடக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு உயரமாகத் தெரியும். "உயரத்தைப் பார்க்காதீங்க, எண்ணை மட்டும் பாருங்க" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

நான்காம் படி: மீதி 42ஐ வரி வரியாகத் தேடுங்கள்

மாற்றிப் போட்ட பட்ஜெட்டோடு ஒப்பிட்டால் பேக்கிங்கில் 24 கூடுதல், சம்பளத்தில் 30 கூடுதல், கூரியரில் 12 மிச்சம். 24ஐயும் 30ஐயும் கூட்டி 12ஐக் கழித்தால் 42. இங்கே எண்ணைச் சொல்லி நிறுத்திவிட்டால் பாதி வேலைதான் முடிந்தது.

பேக்கிங்கைப் பாருங்கள். 264ஐ 12,000ஆல் வகுத்தால் ஒரு ஆர்டருக்கு 22 வருகிறது. 20 இருந்தது 22 ஆனால், "பெட்டி விலை ஏறிவிட்டது" என்று சொல்லத்தான் நாக்கு துடிக்கும். பில்லை எடுத்துப் பார்த்தால் விலை அப்படியே இருக்கிறது. கோடவுனில் விசாரித்தால்தான் விஷயம் தெரிகிறது: சின்னப் பெட்டி தீர்ந்துபோனதால், சின்னப் பொருட்களையும் இரண்டு வாரம் பெரிய பெட்டியில் வைத்து அனுப்பியிருக்கிறார்கள். விலை ஏறியிருந்தால் மேனேஜர் சப்ளையரிடம் பேச வேண்டும். பெட்டி தீர்ந்திருந்தால் ஸ்டாக் வைத்திருப்பவரிடம் பேச வேண்டும். ஸ்லைடில் இரண்டும் ஒரே 24தான்.

சம்பளத்தில் 30 முழுக்க ஓவர்டைம். இது ஆர்டர் கூடியதால்தானே வந்தது, பிறகு ஏன் தனியாகக் காட்டுகிறோம் என்று மேனேஜர் கேட்கலாம். நியாயமான கேள்வி. இருக்கும் ஆட்கள் ஓரளவு கூடுதல் வேலையைச் சமாளிப்பார்கள் என்று பட்ஜெட் நினைத்தது. அந்த எல்லையைத் தாண்டிவிட்டோம், அதனால் தனியாகத் தெரிகிறது என்று சொல்லலாம். ஆர்டர் இப்படியே தொடர்ந்தால் ஓவர்டைம் மலிவா, புதிதாக ஆள் எடுப்பது மலிவா என்று முடிவெடுக்க வேண்டியவர் அவர்தான்.

ஐந்தாம் படி: மிச்சத்தை உடனே நம்பாதீர்கள்

கூரியரில் 12 மிச்சம் பச்சையில் இருக்கிறது. கூடுதல் செலவைத் துருவித் துருவிக் கேட்கும் கூட்டம், மிச்சத்தைக் கண்டால் கேள்வி கேட்காமல் அடுத்த ஸ்லைடுக்குப் போய்விடும். எனக்கு அதிகம் அடி வாங்கித் தந்தவை இந்த மாதிரிப் பச்சை வரிகள்தான்.

12 என்பது 12,000. ஒரு பார்சலுக்கு 50 என்றால் 240 பார்சலுக்கான தொகை. கூரியர் கட்டணம் குறைந்ததா என்று பில்லில் பார்த்தால், ஒவ்வொரு வரியிலும் அதே 50தான். அப்படியென்றால் கட்டணம் குறையவில்லை, 240 பார்சலுக்குப் பில்லே வரவில்லை. மாதக் கடைசி நாள் சாயங்காலம் எடுத்துப்போன பார்சல்களை அவர்கள் அடுத்த மாத பில்லில் சேர்த்திருக்கிறார்கள். பில் வராவிட்டாலும், அந்த மாதம் வாங்கிய சேவைக்கான தொகையை அந்த மாதச் செலவிலேயே எழுதி வைக்க வேண்டும். கணக்குப் பிரிவில் அதை அக்ரூவல் என்பார்கள். இங்கே அது விட்டுப்போயிருக்கிறது.

இப்படி ஒரு சந்தேகம் வந்தால், அனுப்பிய பார்சல் எண்ணிக்கையையும் பில்லில் இருக்கும் எண்ணிக்கையையும் ஒப்பிட்டால் போதும். பில்லில் 11,760 என்று இருந்தால் சந்தேகம் சரி. கணக்குப் பிரிவிடம் சொல்லித் திருத்தினால் மொத்தச் செலவு 1,194 ஆகிறது. காரணம் சொல்ல வேண்டிய தொகை 42 இல்லை, 54. பெட்டி 24, ஓவர்டைம் 30. கூரியரில் மிச்சமும் இல்லை, கூடுதலும் இல்லை. ஒன்றும் செய்யாமல் விட்டிருந்தால் அடுத்த மாதம் அந்த 12 கூடுதலாக வந்து நின்றிருக்கும், யாருக்கும் காரணம் தெரிந்திருக்காது.

ஆறாம் படி: பச்சை ஸ்லைடுக்கு வாருங்கள்

திருத்திய கணக்கில் ஒரு ஆர்டருக்கு 99.5 ஆகிறது. பட்ஜெட்டில் 100. குறைந்திருக்கிறது, உண்மைதான். ஆனால் எவ்வளவு குறைந்திருக்க வேண்டும்? வாடகையும் சம்பளமும் சேர்ந்து 300. அதை 10,000 ஆர்டரில் பங்கு போட்டால் ஒன்றுக்கு 30 வரும். 12,000இல் போட்டால் 25தான் வரும். பேக்கிங், கூரியர் 70ஐச் சேர்த்தால் 95. பெட்டியும் ஓவர்டைமும் ஒழுங்காக இருந்திருந்தால் 95இல் நின்றிருக்கும். பச்சை நிறத்துக்குள் 4.5 ஒளிந்திருக்கிறது.

மேனேஜர் கேட்ட கேள்விக்கு இப்போது பதில் சொல்லலாம். நான் சொன்னால் இப்படிச் சொல்வேன்: "ஆர்டர் கூடினதால மொத்தச் செலவு கூடிச்சு, அது சரியான காரணம். ஆர்டர் கூடினதாலயே ஒரு ஆர்டருக்கான செலவு குறைஞ்சிச்சு, ஆனா குறைய வேண்டிய அளவுக்குக் குறையலை. பெரிய பெட்டியிலயும் ஓவர்டைம்லயும் 54 போயிருக்கு. கூரியர் பில்லு ஒண்ணு விட்டுப்போச்சு, அதையும் சேர்த்துத்தான் சொல்றேன்." இதற்கு ஒரு நிமிடம் போதும்.

கூடுதலாக வந்த 2,000 ஆர்டரால் லாபமா என்று அவர் கேட்டால், இந்த ஸ்லைடுகளை வைத்துச் சொல்ல முடியாது. இவற்றில் விற்பனைத் தொகையே இல்லை. அதை நேராகச் சொல்லிவிடுங்கள்.

கூட்டம் முடியுமுன் இன்னும் ஒன்றையும் அவரிடம் சொல்லி வையுங்கள். அடுத்த மாதம் சின்னப் பெட்டி வந்து, ஆர்டரும் 10,000க்குத் திரும்பி, ஓவர்டைமும் நின்றுவிட்டால் மொத்தச் செலவு சரியாக 1,000. முதல் ஸ்லைடில் சிவப்பே இருக்காது. ஆனால் ஒரு ஆர்டருக்கான செலவை முந்தைய மாதத்தோடு ஒப்பிடும் ஸ்லைடில், 99.5இலிருந்து 100க்கு ஏறியதாகச் சிவப்பில் வரும்.