எல்.ஈ.டி. விளக்கைப் படம் எடுக்கும்போது நிறம் எங்கே தொலைகிறது?

யாழ்ப்பாணத்து மின்சாமான் கடைக்காரர்கள் வட்ஸ்அப்பில் போடும் படங்களில், 3000 கெல்வின் வார்ம் வைட் குமிழும் 6500 கெல்வின் கூல் வைட் குமிழும் பல நேரம் ஒரே வெள்ளையாகத்தான் தெரிகின்றன. படத்தைப் பார்த்து வாங்குகிறவர் வீட்டில் மாட்டிய பிறகுதான் வித்தியாசத்தைக் காண்கிறார்.

முதல் தவறு, வெள்ளையின் சாயலைச் சரிசெய்யும் வைட் பலன்ஸை, அதாவது WB-ஐ, ஓட்டோவில் விட்டு இரண்டையும் தனித்தனியாக எடுப்பது. மஞ்சள் வெளிச்சம் கண்டால் போன் நீலத்தைக் கூட்டும். நீலச் சாயல் கண்டால் மஞ்சளைக் கூட்டும். நாம் காட்ட நினைக்கும் வித்தியாசத்தையே அது அழித்துவிடுகிறது. இரண்டையும் ஒரே படத்தில் பக்கம் பக்கமாக வையுங்கள். புரோ மோடில் WB-ஐ 4500 கெல்வின் அளவில் நிறுத்துங்கள். அப்போது ஒன்று மஞ்சளாகவும் மற்றது இலேசான நீலமாகவும் தெரியும். 3000இல் நிறுத்தினால் வார்ம் வெள்ளையாகிவிடும், கூல் அளவுக்கு மிஞ்சி நீலமாகும்.

WB சரியாக இருந்தும் நிறம் வராவிட்டால், வெளிச்சம் மிஞ்சிவிட்டது என்று அர்த்தம். சென்சாரில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் உச்சத்தைத் தொட்டால் எந்த விளக்கும் வெறும் வெள்ளைதான். விளக்கை மூடியிருக்கும் டிஃப்யூசரின் பாலாடை போன்ற மேற்பரப்பும் வரிகளும் அதோடு போய்விடும். முழு இருட்டில் ஓட்டோவில் எடுப்பவர்களுக்கு இதுதான் அடிக்கடி நடக்கிறது. இருட்டுப் பின்னணியைப் பார்த்து போன் எக்ஸ்போஷரைக் கூட்டிவிடும்.

வார்ம், கூல் இரண்டும் உள்ள சோலார் லாந்தரை எடுப்பதாக வைத்துக்கொள்வோம். சூரியன் மறைந்த கொஞ்ச நேரத்தில் யன்னலோரம் மேசையில் வைத்து, லாந்தரின் வெளிச்சத்தை மிகக் குறைந்த அளவுக்கு இறக்குங்கள். ஐ.எஸ்.ஓ. 50, ஷட்டர் 1/100 என்று தொடங்கி, டிஃப்யூசரின் வரிகள் தெரியும்வரை ஐ.எஸ்.ஓ.வையோ லாந்தரின் வெளிச்சத்தையோ கூட்டிக் குறைத்துப் பாருங்கள். யன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தால் வரிகள் நன்றாக எழும்பும். பின்னால் ஒரு வெள்ளை அட்டை வையுங்கள். விளக்கின் நிறம் விளக்கை விட அந்த அட்டையில்தான் நேர்மையாகத் தெரியும். போனை நிலையாக வைத்து, வார்மில் ஒன்று, கூலில் ஒன்று, அமைப்பு எதையும் மாற்றாமல் எடுங்கள்.

9 வாட் குமிழுக்கு இந்த வழி போதாது. அதன் பிரகாசம் லாந்தரை விடப் பல மடங்கு. அதனால் சிலர் ஷட்டரை 1/2000 என்று கூட்டுகிறார்கள். அப்போது படத்தில் கறுப்புக் கோடுகள் குறுக்கே விழும். இங்கே மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். மலிவான குமிழ்கள் வினாடிக்கு 100 முறை மங்கித் துலங்கும். 1/100 அல்லது 1/50 வைத்தால் கோடுகள் மறையும், ஆனால் குமிழ் வெள்ளையாக வெந்துவிடும். போனில் குமிழின் மேற்பரப்பையும் நிறத்தையும் ஒரே ஷொட்டில் பிடிக்க முடியாது. ட்ரைபொட்டில் வைத்து, எரியாத குமிழை யன்னல் வெளிச்சத்தில் ஒன்று, எரியும்போது ஒன்று என்று எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் போடுவதுதான் நல்லது. முதலாவது மேற்பரப்பைக் காட்டும், இரண்டாவது அட்டையில் விழும் நிறத்தைக் காட்டும்.