டீம் லீட் கிளம்புகிறார்: ஒப்படைப்பு ஆவணம் எழுதும் முறை

முந்தைய லீட் போன பிறகு அவருடைய வேலை என் தலையில் விழுந்தது. அவர் விட்டுப்போன ஒப்படைப்பு ஆவணம் நீளமானது, படிக்கவும் நன்றாகவே இருந்தது. ஆனால் அவருடைய கணக்கை முடக்கியதும் திங்கள்கிழமை வாராந்திர ரிப்போர்ட் வரவில்லை. அதைச் சரிசெய்த கையோடு உருவாக்கிய முறைதான் இது. நான்கு வாரம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். கூகுள் வொர்க்ஸ்பேஸ் பயன்படுத்துபவர்களுக்கு அப்படியே பொருந்தும்.

1. ஆவணத்தை எங்கே வைப்பது

ஷேர்டு டிரைவில் தொடங்குங்கள். அங்கே இருக்கும் கோப்பு நிறுவனத்துக்குச் சொந்தம். கிளம்புபவரின் My Drive-இல் வைத்தால், ஒப்படைப்பு ஆவணத்தையே முதலில் ஒப்படைக்க வேண்டியிருக்கும். விக்கி, டிக்கெட் என்று பிரித்துப் போடுவது எனக்குப் பிடிக்காது. ஒரே டாக், அதற்குள் ஒரு அட்டவணை போதும்.

2. அட்டவணை

நான்கு பத்திகள்: வேலை, இப்போது யார் பெயரில் இருக்கிறது, இனி யார், நிலை. நிலையில் ‘முடிந்தது’ என்று எழுத விடாதீர்கள். சொன்னவருக்கும் கேட்டவருக்கும் அதன் அர்த்தம் வேறுவேறு. ‘விளக்கியாச்சு’, ‘பார்த்தாச்சு’, ‘தனியாகச் செய்தாச்சு’ என்ற மூன்றில் ஒன்று மட்டும். மூன்றாவது வந்தால்தான் அந்த வரிசை மூடும்.

3. பெயரில் ஒட்டிக்கொண்டிருப்பவை

மெதுவாகப் போக வேண்டிய இடம் இதுதான். லீடிடம் “என்னென்ன வேலை செய்கிறீர்கள்?” என்று கேட்டால் தன் கையால் செய்வதைச் சொல்வார். தன் பெயரில் தானாக ஓடுவது நினைவுக்கு வராது. அதனால் கேள்வியை மாற்றுங்கள்: “உங்கள் கணக்கை இன்று மூடினால் எது நிற்கும்?”

எங்கள் ரிப்போர்ட்டையே எடுத்துக்கொள்வோம். ஒரு கூகுள் ஷீட், அதில் ஆப்ஸ் ஸ்கிரிப்ட், திங்கள் காலை அதை ஓட்ட ஒரு டிரிக்கர். ஷீட்டின் உரிமையை எனக்கு மாற்றியிருந்தார்கள். ஆனால் அப்படி நாமே அமைக்கும் டிரிக்கர், அமைத்தவருடைய கணக்கில்தான் ஓடும். ஷீட்டோடு சேர்ந்து கைமாறாது. அவர் போட்ட டிரிக்கர் என் திரையில் தெரியவும் தெரியாது. தோல்வி அறிவிப்பு மெயிலும் அவருக்குத்தான் போகும். அதனால்தான் நின்றுபோனது யாருக்கும் தெரியவில்லை.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். கிளம்புபவர் `script.google.com` போய் My Triggers பக்கத்தைத் திறந்து, இருப்பதை எல்லாம் அட்டவணையில் ஏற்றட்டும். புதியவர் அதே ஸ்கிரிப்டில் தன் கணக்கில் டிரிக்கர் சேர்த்து அனுமதி கொடுக்கட்டும். அப்புறம் பழையதை அதன் சொந்தக்காரரே நீக்க வேண்டும், இல்லாவிட்டால் அவர் கணக்கு மூடும்வரை ரிப்போர்ட் இரண்டு தடவை போகும். அடுத்த திங்கள் ரிப்போர்ட் வந்த பிறகு நிலையை மாற்றுங்கள்.

சர்வரிலும் கோடிலும் இதே தேடல்:

```
crontab -l
git grep -n "பழையவரின்-மெயில்-ஐடி"
```

முதலாவதை அவருடைய லாகினில் ஓட்ட வேண்டும். இரண்டாவது, எச்சரிக்கை மெயில் அவருக்கு மட்டும் போகும்படி எழுதிய இடங்களைக் காட்டிக்கொடுக்கும். டிப்ளாய்மென்ட் அவருடைய தனிப்பட்ட டோக்கனில் ஓடுகிறதா என்றும் கேளுங்கள். ஓடினால் சர்வீஸ் கணக்குக்கு மாற்ற இதுவே நேரம்.

4. நான்கு வாரம்

முதல் வாரம் அட்டவணையை நிரப்புங்கள். இரண்டாவது வாரம் லீட் செய்வார், புதியவர் பார்த்துக் குறிப்பு எழுதுவார். எழுதுவது புதியவராகத்தான் இருக்க வேண்டும். தெரிந்தவர் எழுதினால் தனக்குப் பழகிப்போன படிகளைத் தாண்டிவிடுவார். மூன்றாவது வாரம் புதியவர் செய்வார், லீட் கீபோர்டைத் தொடக்கூடாது. கடைசி வாரத்துக்குப் புதிய வேலை எதுவும் வேண்டாம். லீட் போய்விட்டதாகவே நினைத்து நடங்கள், சிக்கினால் மட்டும் கேளுங்கள். கேட்ட ஒவ்வொரு கேள்வியும் அட்டவணையில் விடுபட்ட ஒரு வரிசை.

வீடியோ பதிவுகளை நம்பி இருக்காதீர்கள். ஒரு மணிநேரப் பதிவில் தேவையான ஒரு வரியைத் தேட யாருக்கும் பொறுமை இல்லை.

5. இதில் எழுதக்கூடாதவை

பாஸ்வேர்டு ஆவணத்தில் வேண்டாம், அதற்குப் பாஸ்வேர்டு மேனேஜர் இருக்கிறது. டீமில் ஒருவருக்கு லீட் வாய்வார்த்தையாகக் கொடுத்த உறுதிகளும் (நீண்ட விடுப்பு, பதவி உயர்வுப் பேச்சு) பொது ஆவணத்தில் வரக்கூடாது. ஆனால் விட்டுவிடவும் கூடாது. லீட், மேலாளர், புதியவர் மூவரும் தனியாக உட்கார்ந்து பேசட்டும். பிறகு அந்தந்த ஆளிடம், “இதை இவரிடம் சொல்லியிருக்கிறேன்” என்று லீடே தெரிவிப்பது நல்லது.

பின்சேர்க்கை: பொதுக் கணக்கின் ஓடிபி பழைய லீடின் ஃபோனுக்கே போகிறது என்று ஒருவர் கமென்ட்டில் எழுதியிருந்தார். இதில் வரிசை முக்கியம். முதலில் புதியவரின் ஃபோனைச் சேர்த்து, அதை வைத்தே ஒருமுறை லாகின் செய்து பாருங்கள். மாற்றுக் குறியீடுகளைப் புதிதாக எடுத்துப் பாஸ்வேர்டு மேனேஜரில் வையுங்கள். பழைய ஃபோனை நீக்குவது அதற்கப்புறம்தான்.