முதுகுவலியும் மரத்துப்போகும் ஆசனப் பகுதியும்: காடா ஈக்வினாவில் நேரும் தவறுகள்

முதுகுத்தண்டுவடம் இடுப்புக்குச் சற்று மேலேயே முடிந்துவிடும். அதற்குக் கீழே போவது நரம்புக் கொத்துதான். இதுதான் காடா ஈக்வினா. கீழ்முதுகில் ஒரு டிஸ்க் பெரிதாகப் பிதுங்கி அந்தக் கொத்தை நசுக்கினால், சிறுநீர்ப்பை, மலவாய், பாலுறுப்பு மூன்றுக்கும் போகும் நரம்புகள் சேர்ந்தே மாட்டிக்கொள்ளும்.

பெரும்பாலான தவறுகளுக்கு வேர் ஒன்றுதான். "சிறுநீர் அறியாமல் போனால்தானே ஆபத்து" என்று காத்திருப்பது. அந்தக் கட்டத்தில் சிறுநீர்ப்பை ஏற்கெனவே செயலிழந்து, நிரம்பி வழிந்துகொண்டிருக்கும். அப்போது ஆபரேஷன் செய்தாலும் பலருக்குக் கட்டுப்பாடு முழுதாகத் திரும்புவதில்லை.

ஒரு லாரி ஓட்டுநரை எடுத்துக்கொள்வோம். இரண்டு வாரமாக வலது காலில் மட்டும் இழுத்த வலி, சனிக்கிழமை இரண்டு காலுக்கும் வருகிறது. ஞாயிறு காலை சிறுநீர் கழிக்க முக்க வேண்டியிருக்கிறது, போய்முடித்த உணர்வும் சரியாக இல்லை. கழுவும்போது ஆசனவாயைச் சுற்றி, சைக்கிள் சீட்டில் படும் இடமெல்லாம், மந்தமாக இருக்கிறது. ஆனால் அவர் சொல்வது கால்வலியை மட்டும்தான். மற்றதைச் சொல்லக் கூச்சம். கேட்க வேண்டியவரும் கேட்கவில்லை. எக்ஸ்ரே எடுத்து, "எலும்பு நல்லா இருக்கு" என்று வலி ஊசி போட்டு அனுப்பிவிடுகிறார்கள். எக்ஸ்ரேயில் டிஸ்க்கும் நரம்பும் தெரியாது என்பதால், அந்த 'நார்மல்' நரம்பு நசுங்கவில்லை என்று காட்டவில்லை.

அப்புறம் இன்னொரு வகைத் தவறு. ஆசனவாய்த் தசை இறுக்கமாக இருக்கிறது, அதனால் பிரச்சினை இல்லை என்று முடிவுகட்டுவது. அந்தப் பரிசோதனை இதற்கு நம்பகமானதல்ல. சிறுநீர் கழித்த பிறகு பையில் எவ்வளவு மிச்சம் என்று ஸ்கேனில் பார்ப்பது உதவும். 200 மில்லிக்கு மேல் என்றால் சந்தேகம் பலமாகும். குறைவாக இருந்தால் நசுக்கம் இல்லை என்று அர்த்தமில்லை. ஆரம்பத்தில் அளவு குறைவாகவே இருக்கலாம். வலி மாத்திரைகள் சிலவும் சிறுநீரை அடைக்கும் என்பது உண்மைதான். அதற்காகப் பழியை மாத்திரைமேல் போட்டுவிட்டு எம்.ஆர்.ஐ.யைத் தள்ளிப்போடக் கூடாது. இங்கிலாந்தின் தேசிய வழிகாட்டுதல், மருத்துவர் கேட்ட 4 மணி நேரத்துக்குள் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்கிறது, இரவானாலும் சரி. எம்.ஆர்.ஐ. இல்லாத இடமென்றால், இருக்கும் இடத்துக்கு உடனே அனுப்ப வேண்டும்.

'ஆபரேஷனுக்கு 48 மணி நேரம் இருக்கிறதே' என்பதும் ஆபத்தான நினைப்பு. அது பழைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் வந்த எல்லை. அதுவரை பாதுகாப்பு என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை. ஞாயிறு காலை நம் ஓட்டுநரிடம் உணர்வு மிச்சமிருக்கிறது, முக்கியாவது போகிறது. அன்றே நசுக்கம் தெரிந்து டிஸ்க்கை எடுத்தால் அவருக்கு நல்ல வாய்ப்பு. திங்கள் முழு அடைப்பு வந்த பிறகென்றால் அந்த வாய்ப்பு கணிசமாகக் குறையும். அதற்காக, அடைத்துவிட்டதே இனி அவசரமில்லை என்று ஆபரேஷனைத் தள்ளிப்போடுவதும் சரியல்ல. அவர்களிலும் சிலருக்கு ஓரளவு திரும்புகிறது.

அவசரப் பிரிவில் நோயாளி சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "ரெண்டு காலும் வலிக்குது, கீழே மரத்துப்போயிருக்கு, சிறுநீர் முன்னமாதிரி போகல." ஆபரேஷன் தேவைப்படலாம் என்பதால், போகும் வழியில் எதுவும் சாப்பிட வேண்டாம்.