ஹெட்போன் சின்னம் போகவில்லையா? முதலில் ஊக்கைக் கீழே வையுங்கள்

காரைக்குடியில் என் கடைக்கு வேலை பழக வந்திருக்கும் பையன், போன வாரம் ஒரு போனின் ஹெட்போன் ஓட்டைக்குள் சேலை ஊக்கை விட்டுக் குடைந்துகொண்டிருந்தான். "எடுறா கையை!" என்று நான் போட்ட சத்தத்தில் கடையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவனை என்ன சொல்ல? தொழிலுக்கு வந்த புதிதில் நானும் அதையேதான் செய்தேன்.

போன் பலகாரம் சுட்டு விற்கும் ஒரு ஆச்சியுடையது. "தம்பி, ஸ்பீக்கர் போச்சுப்பா, பாட்டே கேக்கல" என்று கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

ஸ்பீக்கர் போச்சு என்று முடிவு கட்டுவது

ஸ்பீக்கரைக் கழற்றுவதற்கு முன்னால் அந்த போனுக்கு ஒரு கால் போட்டுப் பாருங்கள். பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் ஹெட்போன் மாட்டியிருந்தாலும் ரிங் மட்டும் ஸ்பீக்கரிலும் சேர்ந்தே வரும். ஆச்சியின் போன் நன்றாக அலறியது. காலை எடுத்துப் பேசினால் காதில் ஒன்றும் கேட்கவில்லை; லவுட் ஸ்பீக்கர் பொத்தானை அழுத்தியதும் கணீரென்று கேட்டது. திரையின் மேலே ஹெட்போன் சின்னமும் இருந்தது. அப்படியென்றால் ஸ்பீக்கரில் குறையே இல்லை. ஹெட்போன் மாட்டியிருப்பதாக நினைத்துக்கொண்டு போன் சத்தத்தை அங்கே அனுப்பிக்கொண்டிருக்கிறது.

புளூடூத்தைப் பார்க்காமல் விடுவது

அணையுங்கள். பக்கத்து அறையில் பேரனின் இயர்பட்ஸ் பாடிக்கொண்டிருக்கலாம்.

ஊக்கு

இதைச் சொன்னாலே எனக்கு எரிச்சல் வரும். ஜாக்குக்குள் ஹெட்போன் முள்ளைப் பிடித்துக்கொள்ள மெல்லிய ஸ்பிரிங் தகடுகள் இருக்கின்றன. முள் உள்ளே வந்ததா என்று போனுக்குச் சொல்வதும் அப்படி ஒரு தகடுதான். பல மாடல்களில் முள் உள்ளே போனதும் இரண்டு தொடுமுனைகள் சேரும். போனுக்குத் தெரிவது அந்தத் தொடுதல் மட்டும்தான். நடுவில் ஈரமோ, களிம்போ, உப்பேறிய அழுக்கோ புகுந்து இரண்டையும் இணைத்துவிட்டால், முள் இல்லாமலேயே இருப்பதாக போன் நம்பிவிடும்.

அந்த இடத்தில் ஊக்கை விட்டால் அழுக்கு இன்னும் உள்ளே போய் இறுகும். தகடு வளைந்து ஒட்டிக்கொண்டால் கதை முடிந்தது. என் முதல் பலி, ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறையில் வேலை பார்த்த ஒரு அண்ணனின் போன். சிமெண்ட் தூசி என்று நினைத்து இரண்டு சுற்று குடைந்தேன், 'டிக்' என்று ஒரு சத்தம். சார்ஜ் பின்னும் ஜாக்கும் ஒரே சின்ன போர்டில் இருக்கும் மாடல் அது. முழு போர்டையும் என் கைக்காசில் மாற்றிக் கொடுத்தேன். சுத்தம் பண்ணுவதற்கு அவரிடம் பேசியிருந்தது ஐம்பது ரூபாய்.

ஆச்சியின் போனை அணைத்துவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தோம். அரிசி மாவும் எண்ணெய்ப் பிசுக்கும் கலந்து, அடியில் வெள்ளையாகப் பசை மாதிரி இருந்தது. பல் இடுக்கு தேய்க்கும் குட்டி பிரஷ்ஷில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் தொட்டு, சொட்டாத அளவுக்கு உதறிவிட்டு, ஓட்டை கீழே பார்க்கும்படி போனைப் பிடித்து மெதுவாகச் சுழற்றி எடுத்தோம். மூன்று தடவையில் பிரஷ் வெள்ளையாக வருவது நின்றது. அரைமணி நேரம் காயவிட்டு, பழைய ஹெட்போன் ஒன்றை ஏழெட்டுத் தடவை சொருகிச் சொருகி எடுத்தோம். தகட்டில் மிச்சம் ஒட்டியிருப்பது அந்த உரசலில் போய்விடும். போனைப் போட்டதும் சின்னம் காணோம்.

போகவில்லை என்றால்தான் கழற்ற வேண்டும். அப்போதும் ஒன்று: ஜாக்கின் இணைப்பைப் பிரித்ததும் சின்னம் மறைந்தால் ஜாக்கில்தான் கோளாறு. மறையாவிட்டால் உடனே மெயின் போர்டைப் பழிக்காதீர்கள். சில மாடல்களில் ஜாக்கு தலைகீழாக வேலை செய்யும், பிரித்தாலே மாட்டியிருப்பதாகக் காட்டும். நல்ல ஜாக்கு ஒன்றை வைத்துப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

வாயால் ஊதுவது

எச்சில்தான் உள்ளே போகும்.

ஜாக்கே இல்லாத போனில் இது வராது என்பது

வரும். டைப்-சி துளையில் இரண்டு குறிப்பிட்ட முனைகள் கிரவுண்ட் முனையோடு சேர்ந்தால், ஹெட்போன் அடாப்டர் வந்துவிட்டது என்று போன் எடுத்துக்கொள்ளலாம். ஈரமே அந்த வேலையைச் செய்துவிடும். அடுப்படியில் வைத்திருந்த போன் என்றால் சார்ஜ் போடாமல் ஒரு நாள் காயவிடுங்கள். ஹேர் டிரையரைக் கிட்டே வைக்க வேண்டாம்.

எடுத்ததும் ரீசெட்

ஒருமுறை அணைத்துப் போட்டுப் பார்ப்பது சரி. அதற்கு மேல் போய் ஃபேக்டரி ரீசெட் அடித்தால் போட்டோக்கள் போகும், மாவு போகாது.

ஆச்சி வந்து பாட்டைப் போட்டுக் கேட்டார். "ஸ்பீக்கர் மாத்தலியா தம்பி?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டு, சந்தேகத்தோடுதான் காசைக் கொடுத்தார். மாவு பிசையும்போது போனை மணைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள் என்று சொல்லி, ஒரு ரப்பர் மூடியை ஓட்டையில் சொருகி அனுப்பினேன். ஊக்கு இப்போது என் கல்லாவுக்குள் இருக்கிறது.